கோமுவுக்கு அஞ்சு கல்

அன்புள்ள கோமு,

இதை இப்போதே பிரிக்காதே. ரயில் கங்கைகொண்டான் தாண்டினதும் படி. அதற்குள் உன் தம்பி சன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பான், உனக்கு நிம்மதியாகப் படிக்க முடியும்.

பச்சைச் சுருக்குப் பையை முதலில் திற. என் தீபாவளிப் பாவாடையில் மிஞ்சின துணி அது. கயிறு மட்டும் ஆச்சி கோத்துக் கொடுத்தாள், தையல் எல்லாம் நான்தான். உள்ளே அஞ்சு கல் இருக்கிறது. குறுக்குத்துறையில் தாத்தா குளிக்கப் போகும்போதெல்லாம் கூடவே போய்ப் பொறுக்கினேன். 2023 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, நாங்கள் எல்லோரும் உங்கள் மாடியில் இருந்தோமே, ஞாபகம் இருக்கா? கரண்ட் இல்லை. நான் அழுதுகொண்டே இருந்தேன். நீதான் மொட்டைமாடியில் கிடந்த ஜல்லியை எடுத்துவந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் அஞ்சாங்கல் சொல்லிக் கொடுத்தாய். அந்த ஜல்லி விரலெல்லாம் கீறியது. அதனால்தான் இந்த முறை வழவழவென்று இருக்கிற ஆற்றுக்கல்லாகவே தேடினேன்.

கறுப்புக் கல்லில் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும், பார். அதைத்தான் மேலே தூக்கிப்போடணும். சரியான கனம், கையை விட்டு நழுவாது. செம்மண் நிறத்தில் ஒன்று தட்டையாக இருக்கும், புறங்கையில் ஏந்தும்போது அது உருளாது. மற்ற மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூன்றையும் சேர்த்து அள்ளும்போதுதானே உனக்கு எப்போதும் ஒன்று தப்பிப் போகும்? இனிமேல் தப்பாது.

ஓசூர் ரொம்பக் குளிராம். அப்பா சொன்னாங்க. மலைமேல் ஒரு சிவன் கோயில் இருக்காம், போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிடு. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் யாரும் பேசவில்லை என்றால் பையை எடுத்து நீ பாட்டுக்கு விளையாடு. யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்பாள். அவளுக்கும் சொல்லிக் கொடு. நீ அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஏட்டி. நீ யாரோடு சேர்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் பேரை முதலில் என்னிடம்தான் சொல்லணும்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ வரைந்த நெல்லையப்பர் கோயில் யானையை நான் கிழித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்காமல் எடுத்தேன், திருப்பிக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா போன் என் கையில்தான் இருக்கும், வீடியோ காலில் வா. ஆனித் தேரோட்டத்துக்கு இங்கே லீவு விடுவாங்க. ஓசூரில் விடமாட்டாங்க போல. உங்கப்பாவிடம் இப்போதிருந்தே கேட்டு வை, ரெண்டு நாள் லீவு போட்டுக் கூட்டிவரச் சொல். நீ வராமல் நான் வடம் தொடமாட்டேன். வரும்போது கல்லையும் எடுத்துவா.

உன்
இசக்கிப்ரியா
6-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு