ஒரு சுற்றா, இரண்டா?

"ஒரே அளவில் ரெண்டு காசு. ஒண்ணு அசையாது. இன்னொண்ணு அதன் விளிம்பைத் தொட்டபடி உருண்டு, கிளம்பின இடத்துக்கே வருது. தன்னைத்தானே எத்தனை தடவை சுத்தியிருக்கும்?"

"ஒரு தடவை. ரெண்டுக்கும் சுற்றளவு ஒண்ணுதானேடி," என்றாள் மீனா.

"ரெண்டு," என்றாள் கவிதா.

"கணக்கு தெரியாதவகிட்ட வாதாட முடியாது."

கவிதா பதில் பேசாமல் பையைத் துழாவி இரண்டு காசுகளை எடுத்தாள். ஒன்றின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டு, நுனி மேலே பார்க்க மற்றதன் உச்சியில் வைத்தாள். உருட்ட ஆரம்பித்ததுமே வழுக்கியது.

"செல்லாது!" மீனா கத்தினாள். "நான் உருட்டறேன். நீ கீழ்க்காசை அமுக்கிப் பிடி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் பல்லாக உருட்டினாள். காசு பக்கவாட்டுக்கு வந்தபோதே அம்பு தலைகீழாகிவிட்டது. அடிப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது நுனி மறுபடி மேலே பார்த்தது. பாதி வழிதான், அதற்குள் ஒரு முழுச் சுற்று.

மீனா கையை எடுக்கவில்லை. மீதியையும் உருட்டி முடித்தாள். இரண்டு.

"எப்படிடி?"

"உருளும் காசோட மையத்தைப் பாரு. அது போற வட்டத்தோட ஆரம், காசோட ஆரத்தைப் போல ரெண்டு மடங்கு. அப்போ தூரமும் ரெண்டு மடங்கு."

"சரி," என்றாள் மீனா, கண்ணை எடுக்காமல். "உள்காசு ரெண்டு மடங்கு பெரிசா இருந்தா?"

கவிதா மறுபடி பையைத் துழாவினாள்.