ஒட்டுத் தகடு

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு அண்மையில், நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் தாழ்வாரத்தில் தம்பிராசா குடை திருத்துவார். 1978 சூறாவளிக்கு முன்பே தொழிலுக்கு வந்தவர். சோளகக் காலத்தில் பைகளுக்கு சிப் மாற்றிக் காலத்தை ஓட்டுவார். ஐப்பசியில் வாடை கிளம்பிவிட்டால் குடைகள் குவிந்துவிடும். அந்த வருடம் கை போதாமல், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அக்காவின் மகன் சுதனைக் கூட வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முழுவதும் குறட்டைத் தொட விடவில்லை. குடையைப் பாதி விரித்து மடியில் சாய்த்து, துணிக்கு உட்பக்கமாகக் கையை நுழைத்து, எட்டுக் கம்பிகளையும் உச்சியிலிருந்து நுனி வரை தடவச் சொன்னார். அப்போது வீதியைத்தான் பார்க்க வேண்டும், குடையைப் பார்க்கக் கூடாது.

“வளைஞ்ச கம்பி கண்ணுக்குத் தெரியும், மருமகன். அதை வளைய விட்டது எது எண்டு கைதான் சொல்லும்.”

குடைக்கம்பி உருண்டையானது அல்ல; மெல்லிய தகட்டை நீளவாட்டில் மடித்த ஓடை. தண்டில் ஏறி இறங்கும் வளையத்திலிருந்து வரும் தாங்குகம்பி அதனோடு சேரும் மூட்டில்தான் பாரம் முழுவதும் விழுகிறது. கடற்காற்றின் உப்பும் அங்கேதான் முதலில் துரு ஏற்றும். பெருவிரல் நகத்தை ஓடையின் விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தால், நல்ல கம்பியில் அது தடையின்றி வழுக்கிச் செல்லும். துருப்பிடித்த இடத்தில் சொரசொரக்கும். வெடிப்பு இருந்தால் மயிரிழை அளவுக்கு நகம் தட்டும். வளையத்தைச் சற்று மேலே தள்ளிப் பாரம் ஏற்றினால் அந்தத் தட்டல் பெரிதாகும். சொரசொரப்பையும் தட்டலையும் பிரித்தறியச் சுதனுக்குப் பல நாட்கள் பிடித்தன. துருவையெல்லாம் வெடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமா மறுத்துப் பேசமாட்டார், அதே கம்பியை மறுபடி தடவக் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் பகல், களுவாஞ்சிக்குடி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஓடி வந்து குடையை நீட்டினாள். கல்லடிப் பாலத்தில் காற்று அதைப் புரட்டிவிட்டதாம். ஒரு கம்பி கொக்கி போல வளைந்து தொங்கியது.

“இதை மட்டும் நிமிர்த்தித் தாங்க அண்ணன், பஸ் வரப்போகுது.”

தம்பிராசா வேறொரு குடைக்கு நுனிக் குமிழ் தைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், சுதன் வாங்கிக்கொண்டான். நிமிர்த்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் கை பழக்கத்தில் உள்ளே போய்விட்டது. வளைந்த கம்பிக்கு அடுத்த கம்பியில், மூட்டுக்குக் கீழே, விரல் நீளத்தில் ஓர் ஒட்டுத் தகடு தட்டுப்பட்டது: பழைய குடைக்கம்பியை வெட்டி, வெடிப்பின் மேல் போர்த்திக் குறட்டால் நெரித்த ஒட்டு. இரு முனைகளிலும் அரம் போட்டு மழித்திருந்த விதத்தைக் கண்டதும் அது யாருடைய வேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீதியில் வேறு யாரும் முனைக்கு அரம் போடுவதில்லை.

ஒட்டு உறுதியாகவே இருந்தது. அது முடியும் இடத்தில், குறட்டின் வாய் அழுந்திய பள்ளத்தில், நகம் தட்டியது. வளையத்தை மேலே தள்ளினான், தட்டல் பெரிதானது. இந்தக் கம்பி தளர்ந்ததால்தான் துணியின் இழுவை முழுவதும் பக்கத்துக் கம்பியில் விழுந்து அதை வளைத்திருக்கிறது.

அந்தப் பெண் எதிரே நின்றாள். அவள் முன்னால் மாமாவின் வேலையைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வளைந்ததை மட்டும் நிமிர்த்திக் கொடுக்கவும் மனம் இடம் தரவில்லை. ஒன்றும் பேசாமல் குடையை அவர் மடிக்கு நகர்த்தி, அவருடைய பெருவிரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தான்.

தம்பிராசா வீதியைப் பார்த்தபடி ஒருமுறை தடவினார், வளையத்தைத் தள்ளி மறுமுறையும் தடவினார்.

“போன மாரியில நான் போட்டது,” என்றார் அந்தப் பெண்ணிடம். “ஒட்டு கட்டையாப் போச்சு, நெரிச்சதும் கூடிப் போச்சு. அடுத்த பஸ்ஸில போங்க, தங்கச்சி. காசு வேணாம்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கில் உட்கார்ந்தாள். மாமா குறட்டைச் சுதன் பக்கம் தள்ளினார். பழைய ஒட்டைக் கழற்றி, அதைப்போல் இரு மடங்கு நீளத்தில் புதிய துண்டு வெட்டி, முனைகளை நெரிக்காமல் நடுவில் மட்டும் இறுக்கச் சொன்னார்.

அது முடிந்ததும், இன்று எடுக்க வருவார்கள் என்று கொடியில் தொங்கவிட்டிருந்த குடைகளைக் காட்டினார்.

“அதுகளையும் இறக்கு, மருமகன். நான் ஒட்டுப் போட்டதெல்லாத்தையும் ஆக்கள் வர முன்னம் தடவிப் பார்.”