பில் 1187 பாக்கி: அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மாற்றியது குறித்து

பெறுநர்: திரு. முருகேசன், பில்லிங் பிரிவு
நகல்: திரு. பாலாஜி, சப்ளையர் பேமென்ட்
நாள்: 7 ஏப்ரல் 2026, செவ்வாய்

முருகேசன் சார், வணக்கம்.

நேற்று நீங்கள் அனுப்பிய மெயிலில் மூன்று விஷயங்கள் இருந்தன: பில் 1187-க்குப் பணம் வரவில்லை, வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, திரும்பிய பெட்டிக்கு மாற்றுச் சரக்கு. இதில் கடைசி ஒன்றுதான் பர்சேஸ் பிரிவின் வேலை. முதலிரண்டுக்கும் உரியவர்கள் வேறு. ஆர்டர் போடுகிறவரே பணத்தையும் விடுவிக்கக் கூடாது என்பதால், பில்லில் விழுந்திருக்கும் ஹோல்டை நீக்க எனக்கு சிஸ்டத்தில் அனுமதி கிடையாது. என்னிடம் எத்தனை முறை கேட்டாலும் அது நகராது. அதனால் யாரிடம், எதைக் கொண்டு போக வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பணம் பற்றிப் பேச வேண்டியவர் திரு. பாலாஜி, சப்ளையர் பேமென்ட், உள் இணைப்பு 226. அவர் இல்லாவிட்டால் அதே எண்ணில் ஷங்கர் எடுப்பார். இந்த மெயிலில் பாலாஜி நகலில் இருக்கிறார். முழு விவரத்தையும் அவருக்குத் தனியாக எழுதி, அதைக் கீழே இணைத்திருக்கிறேன். நீங்கள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. "பில் 1187, ஜி.ஆர்.என். 2260" என்று இரண்டு எண்களைச் சொன்னால் போதும்.

பில் ஏன் நிற்கிறது என்பது நான் பார்த்த வரையில் இதுதான். ஆர்டர் 4417-இல் கேட்டது எம்12 × 50 போல்ட், மரை பிட்ச் 1.75, மொத்தம் 600. மார்ச் 3 அன்று 50 வீதம் 12 பெட்டிகள் வந்தன. சோதனையில் 11-ஆம் பெட்டியில் இருந்தது முழுவதும் 1.25 பிட்ச். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நட் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது, பிறகு பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். பெட்டி மேல் ஒட்டிய லேபிளில் 1.75 என்றுதான் இருக்கிறது, ஆகவே உங்கள் பேக்கிங்கிலேயே மாறியிருக்க வேண்டும். மார்ச் 5-இல் 550-ஐ மட்டும் ஏற்று ஜி.ஆர்.என். போட்டார்கள். உங்கள் பில் 600-க்கு. ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றிலும் எண்ணிக்கை ஒத்துப்போகாததால் சிஸ்டம் தானாக ஹோல்ட் போட்டுவிட்டது. ரிஜெக்‌ஷன் மெமோ அன்றே உங்கள் விற்பனைப் பிரிவு முகவரிக்குப் போயிருக்கிறது. பில்லிங்கில் யாருக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. மறுபடி இணைத்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுங்கள்.

முதல் வழி, 50 போல்ட்டுக்குக் கிரெடிட் நோட். அதில் பில் 1187, அதன் தேதி (பிப்ரவரி 28), ஆர்டர் 4417, எண்ணிக்கை 50, பில்லில் போட்ட அதே விலை, அந்த 50-க்கான வரி எல்லாம் இருக்க வேண்டும். வரியை விட்டுவிட்டால் தொகை ஒத்துவராது, மறுபடி திரும்பி வரும். மாற்று 50 வரும்போது அதற்குத் தனி பில் போடலாம். அதற்காக ஆர்டரை மூடாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, பில்லை அப்படியே விட்டுவிட்டு 50 போல்ட்டை மாற்றி அனுப்புவது. புதிய டெலிவரி சலானில் ஆர்டர் 4417 என்று குறிப்பிடுங்கள். சோதனை முடிந்து இன்னொரு ஜி.ஆர்.என். விழுந்ததும் 600 ஆகிவிடும், ஹோல்ட் நீங்கும். ஆனால் அதுவரை 550-க்கான பணமும் சேர்ந்தே நிற்கும்.

என்னைக் கேட்டால் முதல் வழிதான் நல்லது. கிரெடிட் நோட்டும் கொடுத்து, பில் இல்லாமல் மாற்றுச் சரக்கும் அனுப்பினால் 50 போல்ட்டுக்கான பணம் உங்களுக்கு வராமலே போகும். பழைய பில்லை ரத்து செய்து 550-க்குப் புதிய பில் அனுப்புவதும் வேண்டாம்: அதே எண் என்றால் சிஸ்டம் ஏற்காது, வேறு எண் என்றால் 1187 கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

கெடு பற்றி ஒரு வார்த்தை. 30 நாள் கணக்கு பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்ற தேதியிலிருந்து. ஆர்டரில் அப்படித்தான் இருக்கிறது. அதன்படி ஏப்ரல் 4-இல் கெடு முடிந்துவிட்டது, நீங்கள் கேட்பது நியாயமே. பணம் வியாழன்தோறும் போகும், பட்டியல் புதன் மதியம் 12-க்கு மூடப்படும். நாளை 12 மணிக்குள் கிரெடிட் நோட் பாலாஜியிடம் சேர்ந்தால் 9-ஆம் தேதிப் பட்டியலில் வர வாய்ப்பு உண்டு. தவறினால் 16. கடைசி முடிவு அவருடையது, என்னால் உறுதி சொல்ல முடியாது.

வங்கிக் கணக்கு மாற்றத்துக்கு திருமதி நசீமா, சப்ளையர் பதிவு, உள் இணைப்பு 231. நீங்கள் அனுப்பிய புதிய கணக்கு எண்ணை நான் யாருக்கும் அனுப்பவில்லை. கீழே உள்ள இணைப்பிலும் அதை நீக்கிவிட்டேன். மெயிலில் வரும் எண்ணை வைத்து கணக்கை மாற்றுவதில்லை, மோசடி பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதமும் வங்கி தந்த கணக்குச் சான்றும் அவருக்கு அனுப்புங்கள். அதன்பின், எங்கள் பதிவில் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணுக்கு அவரே அழைத்து உறுதி செய்வார். உங்கள் மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்க மாட்டார். அந்தப் பழைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கணக்கு சரிபார்க்கப்படும் வரை உங்கள் எல்லாப் பணமும் நிறுத்தி வைக்கப்படும். பழைய கணக்கு இன்னும் இயங்குகிறது என்றால் 1187 வந்த பிறகு மாற்றத்தைக் கேட்பது உங்களுக்கு வசதி.

மாற்றுச் சரக்கு என் பொறுப்பு. 50 போல்ட் எங்களுக்குக் கட்டாயம் தேவை; அனுப்பும் தேதியை எனக்கு எழுதுங்கள். 11-ஆம் பெட்டி ஸ்டோர்ஸில் சிவப்பு டேக் கட்டி இருக்கிறது, வெளியே எடுத்துப் போக கேட் பாஸ் போட்டாகிவிட்டது. மாற்றுச் சரக்கு கொண்டு வரும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

கவிதா
பர்சேஸ் பிரிவு, உள் இணைப்பு 208

இணைப்பு: ரிஜெக்‌ஷன் மெமோ, ஜி.ஆர்.என். 2260, டெலிவரி சலான் 903

பாலாஜிக்கு எழுதிய குறிப்பு:

பாலாஜி, பில் 1187 உங்களுக்கு வருகிறது. ஹோல்ட் எண்ணிக்கை வித்தியாசத்தால் மட்டுமே: ஆர்டர் 600, பில் 600, ஏற்றது 550. விலையில் வித்தியாசம் இல்லை, பார்த்துவிட்டேன். 550-ஐ ஏற்பதில் பர்சேஸுக்கு ஆட்சேபம் இல்லை. இதையே எழுத்துமூலமான ஒப்புதலாக வைத்துக்கொள்ளலாம். சப்ளையர் கிரெடிட் நோட் தருவாரா, சரக்கு மாற்றுவாரா என்று இன்னும் சொல்லவில்லை. இரண்டும் வந்தால் எதையும் பதிவு செய்யும் முன் என்னைக் கூப்பிடுங்கள். கெடு 4-ஆம் தேதியே முடிந்துவிட்டது, தவணை தேதி பற்றி அவருக்கு விளக்கியிருக்கிறேன். வங்கிக் கணக்கு மாற்றமும் கேட்டிருக்கிறார், அதை நசீமா மேடத்திடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் உறுதி செய்யாமல் புதிய கணக்குக்கு எதுவும் போக வேண்டாம். எடுத்துக்கொண்டீர்கள் என்று இன்று மாலைக்குள் முருகேசன் சாருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அதுவரை இது என் பட்டியலில்தான் இருக்கும்.