பல்சமய மாணவர் மன்றம்: அமைப்பு விதிகள்

1. கல்லூரி மாணவர் எவரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும்கூட, உறுப்பினராகலாம். ஆண்டுச் சந்தா 50 ரூபாய். விண்ணப்பத்தில் மதம், சாதி கேட்கப்படாது. மதம் மாறச் சொல்லி வற்புறுத்துபவர் நீக்கப்படுவார்.

2. முதல், மூன்றாம் புதன் மாலை 4 மணிக்குக் கூட்டம். வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு ஆராதனை இருப்பதால் அந்நாள்கள் வேண்டாம். ரமலான் மாதக் கூட்டத்தில் டீ, வடை கிடையாது. நோன்பு திறந்தபின் எல்லோரும் சேர்ந்து கஞ்சி குடிக்கலாம். 12 பேர் வந்தால்தான் தீர்மானம்.

3. பிணக்கு வந்தால் முதலில் இருவரும் நேரில் பேச வேண்டும். தீராவிட்டால் செயலாளரிடம் எழுத்தில் தரலாம். மூவர் குழு 7 நாளில் விசாரிக்கும். இரு தரப்பின் சமயத்தையும் சேராத ஒருவராவது அதில் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை வாட்ஸ்அப்பில் வாதம் கூடாது (நள்ளிரவுக் குரல் பதிவுகளும் சேர்த்துத்தான்). மேல்முறையீடு ஆலோசகப் பேராசிரியரிடம்.

4. விதி திருத்த, வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.