ஆட்டோமொபைல் துறையின் முதலாமாண்டு மாணவர்களுக்கு

கோயம்புத்தூர்,
14.7.2025

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

நம் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறைக்கு உங்கள் எல்லோரையும் வரவேற்கிறேன். வந்த முதல் வாரத்திலேயே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அதை நானே சொல்லிவிடுவது நல்லது. இந்த வருடம் உங்கள் பாடத்திட்டத்தில் கார் கிடையாது. கணக்கு, இயற்பியல், வேதியியல், வரைபடம் என்று எல்லாத் துறைக்கும் பொதுவான பாடங்கள்தான். "கார் படிக்கத்தானே சார் சேர்ந்தோம்" என்று ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்கு முன்பே யாராவது வந்து கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த ஆண்டு கார் வரும், ஆனால் துண்டு துண்டாக வரும். இன்ஜின் ஒரு தாள், சேசிஸ் ஒரு தாள், மின்சாரம் இன்னொரு தாள். பாடம் நடத்த அப்படிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் ஷெட்டுக்கு வரும் வண்டிக்கு இந்தத் தாள்கள் எதுவும் தெரியாது. அதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் பழைய பெட்ரோல் கார் ஒன்று வந்தது. "சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது" என்றார் ஓட்டி வந்தவர். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் கடிகாரம் மாதிரி ஓடியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். வண்டியைக் கொண்டுபோனவர் மறுநாளே திரும்பி வந்தார். இரண்டு முறை இப்படி ஆனது. மூன்றாம் நாள் எங்கள் மேஸ்திரி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்தார். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது. "சிக்னல்ல நிக்கும்போது கால் எங்க இருக்கும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பிரேக் மேல் இருக்கும். ஷெட்டில் ஓட்டிப் பார்த்த நான் ஒரு தடவைகூட பிரேக்கை மிதிக்கவில்லை.

இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெட்ரோல் இன்ஜின் ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காற்று உள்ளே போகும் வழியை திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுத்தபடியே இருப்பதால், அந்தத் தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அதைச் சும்மா விடுவானேன் என்று, அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் எடுத்து பிரேக் பூஸ்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பூஸ்டர் என்பது குண்டுச் சட்டி மாதிரி ஒரு டப்பா, அதன் நடுவில் ரப்பர் டயஃப்ரம். மிதிக்காதபோது இரண்டு பக்கமும் வெற்றிடம். நீங்கள் பிரேக்கை மிதித்ததும் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து டயஃப்ரத்தைத் தள்ளி, உங்கள் காலோடு சேர்ந்து அழுத்துகிறது. அந்தக் காரில் டயஃப்ரம் கிழிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் காற்று கிழிசல் வழியாக இன்ஜினுக்குப் போய்விட்டது. ஏறத்தாழ 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்ற கணக்கில் எரிய வேண்டிய கலவையில் காற்று கூடினால் இன்ஜின் எப்படி ஓடும்? மேஸ்திரி அந்த ஹோஸை பிளையரால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மிதிக்கச் சொன்னார். இன்ஜின் ஆடாமல் ஓடியது. ஆனால் பெடல் கல் மாதிரி இருந்தது.

டீசல் இன்ஜினில் இப்படி மூடும் தட்டை நம்பி வெற்றிடம் எடுக்க முடியாது. அதற்காகத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் சமதரையில் நியூட்ரலில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். இப்போது மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால், காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த ஒரு அங்குல இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கோடு பேசுவதை உங்கள் கால் கேட்டுவிடும். கேட்காவிட்டால் என்னிடம் வாருங்கள், அந்தக் காரை நான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது முழு வண்டியையும் ஒருமுறை சுற்றி வருவோம். நம் லேபில் ஒரு மாருதி 800 நிற்கிறது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார். மூன்று சிலிண்டர், 796 சிசி. புது மாடல்களோடு ஒப்பிட்டால் ஏழைதான், ஆனால் ஒளிவுமறைவு இல்லாத வண்டி. பானெட்டைத் தூக்கினால் எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். கற்க இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

இன்ஜின் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகச் சக்கரத்துக்குத் தருவதில்லை. பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போகிறது. அதனால் கூலிங் சிஸ்டம் ஏதோ துணை வேலைக்காக இருப்பதில்லை, அது இல்லாமல் இன்ஜினே இல்லை. ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் ஏன் ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது. இரண்டுக்கும் அதே காற்று. கண்டென்சரில் தூசி அடைத்தால் ஏசி குளிராது என்பதோடு இன்ஜினும் சூடேறும்.

இன்ஜினிலிருந்து சக்கரம் வரை உள்ள பாதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: பிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், சக்கரம். அதன் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இன்ஜின் 60 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது, முதல் கியர் விகிதம் 3.5, டிஃபரன்ஷியலில் 4 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 840. உராய்வில் போவதைக் கழிக்காமல் சொல்கிறேன். இன்ஜினை மட்டும் வைத்து நகர்த்தவே முடியாத வண்டியை இந்தப் பெருக்கல்தான் மேட்டில் ஏற்றுகிறது. வேகம் அதே 14 மடங்கு குறையும், அதுதான் விலை. கணக்கு வகுப்பில் விகிதம் நடத்தும்போது தூங்காதீர்கள்.

டிஃபரன்ஷியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர் தூரம் என்றால், வண்டி ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ ஏழரை மீட்டர் அதிகம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டியிருந்தால் டயர் தேயும், ஸ்டியரிங் திரும்ப மறுக்கும்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நக்கிள் என்ற இரும்புத் துண்டை லேபில் நன்றாகப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் அதற்குள் நுழைகிறது. ஸ்டியரிங்கின் டைராடு அதில் பூட்டியிருக்கிறது. சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் கீழே பிடித்திருக்கிறது, ஸ்ட்ரட் மேலே. பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரும் அதன் மேல்தான். நான்கு சிஸ்டங்கள் உள்ளங்கை அகல இடத்தில் சந்திக்கின்றன. அதனால்தான் "ஸ்டியரிங் ஆடுகிறது" என்று வரும் வண்டியில் ஸ்டியரிங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சக்கர பேலன்ஸ், தேய்ந்த புஷ், கோணிய டிஸ்க், எதுவாகவும் இருக்கலாம். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் டிஸ்க் பக்கம் முதலில் பாருங்கள்.

பிரேக் என்றதும் கல்லட்டி மலைப்பாதை நினைவுக்கு வருகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும்போது 36 கொண்டை ஊசி வளைவுகள். குறைந்த கியரில் இறங்கச் சொல்லி போர்டு வைத்திருப்பார்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். அங்கே இன்ஜினும் ஒரு பிரேக்தான்.

மின்சாரத்தைப் பலர் பயந்து ஒதுக்குவீர்கள். அதற்காகவே ஒன்று சொல்கிறேன். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் ஒரு தடித்த எர்த் பட்டையால் இணைத்திருப்பார்கள். அது துருப்பிடித்து அறுந்தால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான மின்சாரம் வேறு வழி தேடும். கிடைப்பது பல சமயம் கிளட்ச் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோதான். கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, கிளட்ச் இறுகிப்போகும். புதுக் கேபிள் போட்டு அனுப்பினால் அதுவும் உருகும். கிளட்ச் கோளாறுக்குக் காரணம் ஒரு எர்த் பட்டை. இப்படி ஒரு வண்டியில் இரண்டு கேபிளை வீணாக்கியிருக்கிறேன். அதன் காசு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

"எல்லாம் எலக்ட்ரிக் ஆகப்போகிறதே சார், இதெல்லாம் எதற்கு?" என்பதும் ஆண்டுதோறும் வரும் கேள்விதான். எலக்ட்ரிக் காரில் இன்டேக் வெற்றிடம் இல்லை, ஆகவே பிரேக் பூஸ்டருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. கல்லட்டியில் இன்ஜின் செய்ததை மோட்டார் செய்கிறது, கூடவே மின்சாரமும் தருகிறது. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் ஏற்ற இடமில்லை, அப்போது வேலை சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். அப்புறம், பெரிய பேட்டரி இருந்தும், சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போனால் பெரும்பாலான எலக்ட்ரிக் கார்கள் எழுந்திருக்காது. இணைப்புகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே எல்லா ஷெட்டிலும் புழங்குவது அதே பெயர்கள்தான். ஒரு மாதத்தில் நாக்குக்கு வந்துவிடும். புரியாததை வகுப்பில் கேட்கத் தயங்கினால் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்கு லேபைத் திறந்து வைக்கிறேன். கட்டாயமில்லை, வருகைப் பதிவும் இல்லை. ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு வந்தால் வாசலோடு சரி. மோதிரம், கையில் கட்டிய கயிறு, காப்பு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வையுங்கள். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த 800-இல் நான் ஒரே ஒரு கோளாறு செய்து வைத்திருப்பேன். இன்ஜினைப் பிரிக்காமல், ஸ்பேனரைத் தொடாமல், எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றித்தான் வைத்திருப்பேன். முதலில் வருகிறவர்தான் அதை மாட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் விரிவுரையாளர்,
ஆட்டோமொபைல் துறை