டயாலிசிஸுக்காக விடுப்பும் வேலை நேர மாற்றமும் வேண்டி விண்ணப்பம்

திருப்பூர்
07.06.2025

அனுப்புநர்:
ச. முருகேசன்,
கணக்குப் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மாதம் 12ஆம் தேதியிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நான் லீவு போட்டு வருவது உங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை இது நிற்காது. இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னியுங்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம்தான்.

இதுவரை 12 நாள் லீவு கழிந்துவிட்டது. வரும் வாரத்து மூன்று நாளையும் எடுத்தால் கணக்கில் 6 நாள்தான் மிஞ்சும். அதனால்தான் நேரில் சொல்வதோடு எழுத்திலும் தருகிறேன்.

முதலில் விடுப்பு. ஜூன் 17 அன்று இடது கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன். ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து, டயாலிசிஸ் ஊசி போடத் தோதாக்குவார்கள். 16 முதல் 21 வரை அந்த 6 நாளையும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். 20ஆம் தேதி 3பி ரிட்டர்ன் இடையில் வருகிறது. அதற்கான கணக்கை 14ஆம் தேதி சனிக்கிழமைக்குள் முடித்து ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது வேலை நேரம். இதுவரை டயாலிசிஸ் காலை 11 மணிக்கு இருந்ததால் நாளே போயிற்று. இப்போது காலை 6 மணி ஷிப்டில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. ஏன் காலியானது என்று நான் கேட்கவில்லை. 23ஆம் தேதியிலிருந்து எனக்குத் தருகிறார்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும். 10 மணிக்கு மிஷினிலிருந்து எடுத்து, பிரஷர் பார்த்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு 11.30க்கு ஆபீஸில் இருப்பேன். அந்த மூன்று நாளும் 11.30 முதல் 6 வரை, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையோடு வேலை பார்க்கிறேன். செவ்வாய், வியாழன், சனி காலை 8 மணிக்கே வந்துவிடுகிறேன். இப்படிப் பார்த்தால் வாரம் 48 மணி நேரத்தில் 3 மணி நேரம் குறையும். அதற்குச் சம்பளம் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லை, வீட்டிலிருந்து டேலியில் என்ட்ரி போட்டுச் சரிக்கட்டச் சொன்னாலும் செய்கிறேன். சனிக்கிழமை வாரச் சம்பளப் பட்டுவாடாவை இது தொடாது. செவ்வாய், வியாழன், சனி இடம் கொடுத்தபோது நான் வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிஷினில் இருக்கும்போது என்னிடம் வேலை எதிர்பார்க்க வேண்டாம். போன மாதம் ஒரு நாள் போனில் பில் சரிபார்க்கப் பார்த்தேன்; பிரஷர் சட்டென இறங்கி நர்ஸிடம் திட்டு வாங்கினேன். சில நாள் கால் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். அன்று வர முடியாவிட்டால் 10.30க்குள் போன் செய்துவிடுவேன். அந்த நாளைச் சம்பளமில்லா விடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷிப்மென்ட் அவசரம், மாசக் கடைசி என்று டயாலிசிஸை மட்டும் தள்ளிப்போட முடியாது. தவறினால் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஃபிஸ்டுலா பழக ஆறு வாரமாவது ஆகும். அதுவரை கழுத்தில் போட்டிருக்கும் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ். அதில் கிருமி தொற்றக் கூடாது என்பதால், பஞ்சு பறக்கும் கட்டிங் பக்கமும் குடோன் ஸ்டாக் எடுக்கவும் என்னை அனுப்ப வேண்டாம். இடது கையால் கனமான பைல் கட்டுகளை இனி எப்போதுமே தூக்கக் கூடாது.

மதிய டீயை நான் தொடாததைப் பார்த்து யாரிடமோ கோபம் என்று பேசிக்கொள்கிறார்கள். குடிக்கும் தண்ணீருக்கே அளவு இருக்கிறது, அவ்வளவுதான். கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிவதில் எனக்குச் சங்கடமில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் சம்பளம் 27,000. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் அங்கே இடமில்லை. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். அதிலும் சேர முடியவில்லை. டயாலிசிஸ் செலவு இந்தச் சம்பளத்திலிருந்துதான் போகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக, உறுப்பு மாற்றைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிரான்ஸ்டானில் பதிந்து காத்திருக்கிறேன். அழைப்பு எந்த நேரமும் வரலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். வந்தால் உடனே கிளம்ப வேண்டியிருக்கும். அதற்காகக் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவருக்கு பேங்க் வேலையையும் பி.எஃப். கட்டும் வேலையையும் இப்போதே கற்றுக்கொடுக்க நினைக்கிறேன். யாரென்று நீங்கள் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டை மூன்று மாதம் பாருங்கள். கணக்கில் எங்காவது தாமதம் வந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிப் பேசிக்கொள்ளலாம். டயாலிசிஸ் சென்டருக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், 12ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. முருகேசன்

இணைப்பு: சிறுநீரக மருத்துவரின் சான்று, ஆபரேஷன் தேதிச் சீட்டு, டயாலிசிஸ் சென்டரின் நேர அட்டவணை.