கதிர்வீச்சு சிகிச்சைச் சுருக்கம்: இடது மார்பகம்

நாள்: 04.03.2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய 58 வயது அம்மாவுக்குக் கதிர்வீச்சு நேற்றோடு முடிந்தது. கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காத்த அறுவை சிகிச்சையும் (pT2 N1, அக்குள் நிணநீர்க் கணு 14-இல் 2 பாதிப்பு; ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்) கீமோவும் முன்பே முடிந்தவை.

இடம்: இடது மார்பகம் முழுவதும், இடது காறை எலும்புக்கு மேல் உள்ள நிணநீர்ப் பகுதி. அக்குளுக்குத் தனியாகக் கொடுக்கவில்லை.
அளவு: 40.05 கிரே, 15 சிட்டிங் (ஒவ்வொன்றும் 2.67 கிரே). அடுத்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் 10 கிரே, 5 சிட்டிங். அந்த இடத்துக்கு மொத்தம் 50.05 கிரே.
காலம்: 03.02.2025 முதல் 03.03.2025 வரை, 20 சிட்டிங். தைப்பூச விடுமுறை தவிர இடைவெளி இல்லை.
முறை: லினாக், 6 எம்வி, மூச்சை இழுத்து நிறுத்திய நிலையில். இதயத்தின் சராசரி அளவு 2.8 கிரே.

இனி தோல் விஷயம். உங்களிடம்தான் முதலில் வருவார் என்பதால் விரிவாக எழுதுகிறேன். இன்று கிரேடு 1: மார்பகம் கறுத்து, லேசான அரிப்பு. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது, கருமையும் சூடும்தான் அடையாளம். சிகிச்சை முடிந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஒன்று இரண்டு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகும். மார்பின் அடிமடிப்பிலும் அக்குள் ஓரத்திலும் தோல் ஈரமாக உரியலாம். நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆறிவிடும், கருமை மட்டும் சில மாதம் நிற்கும்.

உரியாத இடத்தில் மொமெட்டசோன் 0.1% க்ரீம் தினம் ஒரு வேளை. உரிந்தால் அதை நிறுத்தி, சலைனால் கழுவி, பாராஃபின் காஸ் வைத்துக் கட்டினால் போதும். தோலில் நேரடியாக பிளாஸ்திரி ஒட்ட வேண்டாம். சல்பா அலர்ஜி இருப்பதால் சில்வர் சல்ஃபாடயசின் கூடவே கூடாது. மஞ்சள் பூசலாமா என்று இரண்டு முறை கேட்டார், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம் இருந்தால் அன்றே அனுப்புங்கள்.

ஆறு மாதங்களுக்குள் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால், காசநோய்ச் சந்தேகத்தோடு கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சியையும் நினைவில் வையுங்கள். படம் எடுத்ததும் எங்களிடம் பேசுங்கள். இடது கை வீக்கத்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

லெட்ரோசோல் 2.5 மிகி தினம் ஒன்று தொடங்கியாயிற்று. எங்கள் ஓ.பி.யில் 07.04.2025 அன்று பார்க்கிறோம். கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் கழித்து முதல் மேமோகிராம்.

அன்புடன்,
கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்